ஒரு கல்யாணச் செய்தி, இரண்டு மொழி, ஒரே தேதி

அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய அழைப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குழுவில் அறுபதுக்கு மேல் ஆட்கள். பெரியம்மா, பெரியப்பா, அத்தை, மாமா என்று தமிழில் மட்டும் படிக்கிறவர்கள் ஒரு பக்கம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். இந்தப் பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், கேட்டால் புரியும், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இரண்டு தரப்புக்கும் ஒரே செய்தி போக வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடலாம், இதில் என்ன இருக்கிறது என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று முறை மாற்றி எழுதி அனுப்பிய பிறகே அது சரியாக வந்தது. ஏன் மூன்று முறை ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் செய்தியை எல்லாரும் எழுதுகிற மாதிரியே எழுதினேன். மேலே தமிழில் முழு அழைப்பு: பெயர்கள், பெற்றோர் விவரம், தேதி, நேரம், மண்டபம், வழி, கடைசியில் அழைப்போர் பெயர். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அதே விவரம் முழுவதும் ஆங்கிலத்தில். மே மாதக் கடைசியில் அனுப்பினேன், கல்யாணம் செப்டம்பர் 7, 2025. அரை மணி நேரத்துக்குள் கைகூப்பும் படங்களும் இதயங்களும் வந்து குவிந்தன. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று இரவே அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் தனியாகக் கூப்பிட்டான். "சித்தி, ஜூலைல எனக்கு லீவு கிடைக்காதே. அதுவும் புதன்கிழமைல வெச்சிருக்கீங்க?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் ஆங்கிலப் பாதியைத் திறந்து பார்த்தேன். தமிழில் "செப்டம்பர் 7" என்று எழுதிய நான், ஆங்கிலத்தில் இடம் மிச்சமாகட்டும் என்று `07/09/2025` என்று போட்டிருந்தேன். நாம் நாளின் எண்ணை முதலில் எழுதுகிறவர்கள், அவர்கள் ஊரில் மாதம்தான் முதலில் வரும். அவன் கண்ணுக்கு அது ஜூலை 9. காலண்டரைப் பார்த்திருக்கிறான், அந்த நாள் புதன்கிழமை. அவன் கிழமையைப் பார்க்கப் போனதால்தான் சந்தேகமே வந்தது. கிழமையை நான் தமிழ்ப் பாதியில் எழுதியிருந்தேன், ஆங்கிலப் பாதியில் விட்டிருந்தேன். ஒரே ஒரு சொல், ஞாயிறு, அங்கேயும் இருந்திருந்தால் அவன் கூப்பிட வேண்டிய தேவையே வந்திருக்காது. தேதியோடு கிழமை சேர்ந்து நின்றால் ஒன்று தவறும்போது மற்றது காட்டிக்கொடுக்கும். நாள் 12-க்குள் இருந்தால் இந்தக் குழப்பம் வரலாம். 13-ஆம் தேதியோ அதற்கு மேலோ என்றால் பதிமூன்றாவது மாதம் கிடையாது என்பதால் படிக்கிறவர் தானே திருத்திக்கொள்வார். எங்களுக்கு வாய்த்தது 7-ஆம் தேதி.

இன்னொன்றையும் அவன் சொன்னான். ஆங்கிலப் பகுதி இருப்பதே முதலில் அவனுக்குத் தெரியவில்லை. நீளமான செய்தியை வாட்ஸ்அப் முழுவதும் காட்டாது. பாதியில் மடித்து, கீழே `Read more` என்று போட்டுவிடும். நான் எழுதிய தமிழ் அழைப்பு மட்டுமே அந்த மடிப்பைத் தாண்டிப் போயிருந்தது. ஆங்கிலம் முழுக்க மடிப்புக்குள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் திரையில் தெரிவதெல்லாம் அவனால் படிக்க முடியாத எழுத்து. அவன் அதைத் தொட்டு விரிக்காமல் கடந்து போயிருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. மொழியை மாற்றிப் போட்டு ஆங்கிலத்தை மேலே வைத்தால் பெரியம்மாவுக்கு இதே கதி. ஆக, எது மேலே எது கீழே என்று யோசிப்பதில் பயனில்லை. இரண்டுமே மடிப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

தமிழ் சீக்கிரம் மடிவதற்கு ஒரு காரணம் உண்டு. "திருமணம்" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கருவிக்குள் அது எட்டு: த, இகரக் குறி, ர, உகரக் குறி, ம, ண, ம, புள்ளி. நம் சொற்களும் நீளம், வரிகளும் சீக்கிரம் நிரம்பும். போதாததற்கு வயதானவர்கள் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். என் போனில் ஒரு திரையில் அடங்கிய செய்தி பெரியம்மா போனில் இரண்டரைத் திரைக்கு ஓடியது. இப்போதெல்லாம் எதையும் குழுவில் போடுவதற்கு முன்னால் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பிலேயே தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் எது மடிப்புக்குள் போகிறது என்று தெரிந்துவிடும்.

தேதியைத் திருத்தலாம் என்று போனால் திருத்த முடியவில்லை. அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் செய்தியைத் திருத்த முடியும். அதற்குள் திருத்தியிருந்தாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அத்தை அதை எடுத்துத் தன் பிள்ளைகள் குழுவில் போட்டிருந்தார், மாமா வேறு இரண்டு இடத்தில். ஒருமுறை அனுப்பிவைக்கப்பட்ட நகல் தனிச் செய்தி. மூலத்தில் நாம் மாற்றுவது அங்கே போய்ச் சேராது.

இரண்டு நாளில் மண்டபத்திலிருந்தும் ஒரு மாற்றம் வந்தது. காலை 9:30 என்றிருந்த நேரம் 10:30 ஆனது. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தி இரண்டாவது செய்தி அனுப்பினேன். தேதியைச் சரியாக எழுதினேன். கிழமையை இரண்டு பாதியிலும் போட்டேன். நேரத்தைத் தமிழில் 10:30 ஆக்கினேன். அண்ணி சமையலறையிலிருந்து ஏதோ கேட்டார், பதில் சொல்லிவிட்டு வந்து அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஆங்கிலத்தில் 9:30 அப்படியே நின்றது.

இது கவனக்குறைவுதான். ஆனால் அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது, இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரத்தை நான் ஏன் இரண்டு இடத்தில் எழுதினேன் என்றுதான் தோன்றியது. 10:30 என்பதற்குத் தமிழ் கிடையாது, ஆங்கிலம் கிடையாது. மண்டபத்தின் பெயர் ஒன்றுதான். வரைபட இணைப்பு ஒன்றுதான். இவற்றை மொழிபெயர்ப்பதாக நினைத்து நான் செய்தது வெறும் நகலெடுப்பு. நகல் இரண்டு இருந்தால் என்றைக்காவது ஒன்று பழையதாகிவிடும். மொழி மாறுவது அழைக்கிற வார்த்தையில் மட்டும்தான். அதனால் அழைப்பை இரண்டு மொழியில் இரண்டிரண்டு வரி எழுதிவிட்டு, விவரத்தை அதற்குக் கீழே ஒரே இடத்தில், இரண்டு தரப்பும் படிக்கும்படி வைப்பது என்று முடிவு செய்தேன்.

விவரம் அப்படி ஒன்றாக நின்றவுடன் செய்தி பாதியாகச் சுருங்கியது. அப்புறம் அழைக்கிற வார்த்தையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

முதல் செய்தியின் தமிழை நான் அச்சடித்த பத்திரிகையிலிருந்து எடுத்திருந்தேன். அச்சகத்திலிருந்து வந்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியபோது முதலில் `jpUkzk;` என்று ஏதோ வந்து விழுந்தது. அது பாமினி என்ற பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அதுவே "திருமணம்" என்று தெரியும், போனில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் கிடைக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன், அது பெரிய வேலை இல்லை. உண்மையான சிக்கல் அந்த வாசகத்திலேயே இருந்தது. "எங்கள் மகளின் திருமணத்துக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்." அழகான வாசகம்தான், பத்திரிகைக்குப் பொருந்தும். ஆனால் நான் அனுப்புவது குடும்பக் குழுவுக்கு. சுற்றம் என்று அந்த வாசகம் சொல்வதே இவர்களைத்தான். சுற்றத்தைப் பார்த்தே சுற்றத்தோடு வாருங்கள் என்று சொன்னால், நீங்கள் வேறு யாரோ என்று சொன்னது போல ஆகிறது.

பெரியம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டார். போனில் கூப்பிட்டு, "என்னம்மா, 'எங்கள் மகள்'னு போட்டிருக்கே. அப்போ எனக்கு அவ யாரு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அதிகம் உறைத்தது. அந்தப் பெண்ணை முதன்முதலில் கையில் வாங்கியவர் அவர்.

தமிழில் நாங்கள் வேறு, நாம் வேறு. எங்கள் என்றால் கேட்கிறவர் அதில் இல்லை. நம் என்றால் கேட்கிறவரும் உண்டு. நாள் முழுவதும் பேச்சில் இதைத் தவறாமல் சரியாகச் சொல்லிவிடுகிறோம், எழுதும்போது மட்டும் பத்திரிகையின் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊருக்குப் போகும் பத்திரிகையில் "எங்கள் இல்லத் திருமணம்" என்பது முறைதான், அங்கே அழைப்பவர் ஒரு பக்கம், அழைக்கப்படுபவர் ஒரு பக்கம். குடும்பக் குழுவில் அந்தக் கோடு கிடையாது. "நம் வீட்டில் கல்யாணம்" என்று மாற்றினேன். "வருகை தந்து வாழ்த்தியருள" என்பதை எடுத்துவிட்டு "கூட நின்று நடத்தித் தர வேண்டும்" என்று போட்டேன். நடத்தித் தருவது வீட்டுக்காரர்கள் செய்கிற வேலை. அந்த வார்த்தையைப் படிக்கிறவர் விருந்தாளி ஆகமாட்டார்.

இதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது இடித்தது. ஆங்கிலத்தில் எங்கள் வீடும் நம் வீடும் ஒரே சொல்தான். `our home` என்று எழுதினால் தமிழில் நான் பாடுபட்டுக் கொண்டுவந்த வேறுபாடு காணாமல் போகிறது. படிக்கிற பிள்ளை அதை "அவர்கள் வீடு" என்று எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அது உன் வீடும்தான் என்று தனியாக ஒரு துண்டு சேர்த்தேன். தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்கிய செய்திக்கு ஆங்கிலத்தில் நாலு சொல் தேவைப்பட்டது. சரி, தேவைப்படட்டும். மறுபக்கமும் இப்படித்தான். ஆங்கிலப் பத்திரிகையில் உங்கள் வருகையின் கௌரவத்தை வேண்டுகிறோம் என்ற பொருளில் ஒரு வழக்கமான வாசகம் இருக்கிறது. அதைத் தமிழாக்கினால் யாரோ அதிகாரி பேசுவது போல இருக்கும். இரண்டு மொழியிலும் ஒரே மனசு இருந்தால் போதும், ஒரே வாக்கியம் இருக்க வேண்டியதில்லை.

மரியாதை விஷயத்திலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அறுபது பேரில் நான் வாங்க என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு, வாடா என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. "எல்லாரும்" என்று பன்மையில் போட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் பொருந்தும். பெண்ணை உறவுமுறை சொல்லிக் குறிப்பிடுவதையும் விட்டுவிட்டேன். எனக்கு அண்ணன் மகள், இன்னொருவருக்குப் பேத்தி, இன்னொருவருக்கு அக்கா. யார் பக்கம் நின்று எழுதினாலும் மற்றவர்களுக்குத் தவறாகத்தான் வரும். பெயரை மட்டும் தனி வரியில் எழுதினேன். தனி வரியில் நிற்கும் பெயரில் "க்கும்", "உடன்" எதுவும் ஒட்டாது, அதனால் தமிழ் தெரியாதவரும் பெயர் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதை மணமக்களிடமே கேட்டுக்கொண்டேன். ழகரம் வரும் பெயரை நம் விருப்பத்துக்கு எழுதிவிடக் கூடாது.

கடைசியில் நின்ற வடிவம் இதுதான்:

```
நம் வீட்டில் கல்யாணம்.
எல்லாரும் வந்து கூட நின்று நடத்தித் தர வேண்டும்.

There's a wedding in our home, and it's your home too.
Come and stand with us.

*மணமகள் பெயர் / Bride*
*மணமகன் பெயர் / Groom*

ஞாயிறு / Sunday
7 செப்டம்பர் / September 2025
காலை 10:30 AM
மண்டபம் / Venue: பெயர், இணைப்பு

எத்தனை பேர்? / How many of you?
எண் மட்டும், எனக்குத் தனியாக / Just the number, to me privately
கடைசி நாள் / Last date: ஆகஸ்ட் / August 10
```

பெயர்களுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி தடித்துத் தெரியும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் தடிக்காது, நட்சத்திரம் அப்படியே திரையில் நிற்கும். தடித்த எழுத்து பெயருக்கு மட்டும் போதும். சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள், சுழிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கண்ணுக்கு வலிக்கும். மாதப் பெயரை எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள், 07/09 என்ற தொல்லை இனி இல்லை. நேரத்தில் "காலை"யும் `AM`-மும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே எண், இரண்டு பக்கமும் ஒவ்வொரு காவல்.

எத்தனை பேர் என்ற கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் செய்தியில் தமிழில் "குடும்பத்துடன் வருக" என்றும் ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல்லும் போட்டிருந்தேன். தமிழில் அது எவ்வளவு வேண்டுமானாலும் விரியும். கல்யாணமான மகள், மருமகன், சம்பந்தி வரைக்கும் போகும். ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் கணவன், மனைவி, குழந்தை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி, தன் மாமியாரைக் கூட்டிவரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒரே சொல் என்று நினைத்து எழுதியது இரண்டு அளவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எண்ணாகக் கேட்டதும் அந்தத் தயக்கம் போய்விட்டது, வருகிறவர்களைத் தாங்களே எண்ணிச் சொன்னார்கள். குழுவில் வாக்கெடுப்பு வைக்கும் வசதியும் இருக்கிறது, அதை நான் பயன்படுத்தவில்லை. அது போன்களை எண்ணும், ஆட்களை எண்ணாது. கணவன் ஒரு வாக்கு, மனைவி ஒரு வாக்கு போடுவார்கள். போனே இல்லாத மூன்று குழந்தைகளும் ஒரு பாட்டியும் கணக்கில் வரமாட்டார்கள். கைகூப்பும் படத்தை வைத்தும் எண்ண முடியாது, அது வருகிறோம் என்றும் இருக்கலாம், வாழ்த்துகள் என்றும் இருக்கலாம். எண்ணைக் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். அறுபது பதில் குழுவில் விழுந்தால் அழைப்பு அடியில் போய்விடும்.

அழகாக வடிவமைத்த படம் ஒன்றும் அண்ணன் மகள் கொடுத்தாள், அதையும் போட்டேன், ஆனால் செய்திக்குப் பதிலாக இல்லை. படத்தில் இருக்கும் எழுத்தை எழுத்தளவைக் கூட்டிப் பெரிதாக்க முடியாது, தேடினால் கிடைக்காது, இணைப்பைத் தொட முடியாது. கண் பார்வை குறைந்த சித்தப்பா போனைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பவர், படத்திலிருந்து அவருக்கு ஒன்றும் கேட்காது.

மூன்றாவது செய்தியை அனுப்புவதற்கு முன்னால் மேலே ஒரு வரி சேர்த்தேன்: "புதியது / Updated". முதல் செய்தியை அழிக்க நேரம் கடந்துபோயிருந்தது, எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாள் சொச்சம்தான் தருகிறார்கள். இரண்டாவதை மட்டும் அழிக்க முடிந்தது. அனுப்பிவைக்கப்பட்ட நகல்கள் வேறு எங்கெங்கோ இருந்தன. அந்த ஒரு வரி இருந்தால் இரண்டு நகலும் கையில் வரும்போது எதை நம்புவது என்று தெரியும். பிறகு செய்தியைக் குழுவின் மேலே 30 நாளுக்குப் பொருத்தி வைத்தேன். அதுதான் அதிகபட்சம், தீர்ந்ததும் மறுபடி பொருத்த வேண்டும். நான் ஜூலைத் தொடக்கத்திலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலும் மறுபடி பொருத்தினேன், ஆகஸ்டுக் கடைசியில் இன்னொரு முறை.

அனுப்பிய பத்து நிமிடத்தில் அக்கா மகனிடமிருந்து தனியாக ஒரு பதில் வந்தது. "3". கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இன்னொன்று, "சித்தி, ஞாயிறு தானே?" ஆமாம் என்றேன். பெரியம்மா எழுதவில்லை, குரலில் அனுப்பினார். நம் வீட்டில் கல்யாணம் என்று முதல் வரியை மெதுவாக வாசித்துவிட்டு, "நாங்க ஏழு பேர்ம்மா, முதல் நாளே வந்திடறோம்" என்றார். அவர் பின்னால் பேரன் ஆங்கில வரியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது அதில் கேட்டது.